போலிக் ஆசிட் கேட்டால் மெத்தோட்ரெக்சேட் கொடுத்த கடை: ₹25,000 வாங்கிக்கொண்டு விடலாமா?

குடியாத்தம் மகன்: அம்மாவுக்கு 62 வயது. இரத்தசோகைக்கு போலிக் ஆசிட் 5 மி.கி., தினம் ஒன்று என்று டாக்டர் எழுதினார். கடையில் கொடுத்ததை ஒன்பது நாள் சாப்பிட்டார். வாயெல்லாம் புண், தண்ணீர்கூட இறங்கவில்லை. வேலூரில் சேர்த்தபோது அட்டையைப் பார்த்த டாக்டர்தான் மெத்தோட்ரெக்சேட் என்று சொன்னார். வெள்ளையணு 1,300, பிளேட்லெட் 34,000. பதினோரு நாள் வார்டு, ₹92,000 செலவு. இப்போது கடைக்காரர், மீதி மாத்திரையைத் திருப்பிக் கொடுத்து, பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் ₹25,000 தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

ஆற்காடு மெடிக்கல்: தம்பி, அம்மா பிழைத்ததே பெரிய விஷயம். ஆனால் எங்கள் பக்கமும் பாருங்கள். இரண்டு மருந்துக்கும் சில பிராண்டுகளில் பெயர் ‘ஃபோல்’ என்றே ஆரம்பிக்கும். டாக்டர் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தால் யாராக இருந்தாலும் தவறும். எழுதியவரையும் கேளுங்கள். அதோடு, மாத்திரையால்தான் இப்படி ஆனது என்று ஒரு நிபுணர் எழுதிக் கொடுக்காமல் நுகர்வோர் ஆணையத்தில் கேஸ் நிற்காது.

சத்துவாச்சாரி வக்கீல்: டாக்டர் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்பது சரிதான். சீட்டு உண்மையிலேயே படிக்க முடியாமல் இருந்தால் அவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம். ஆனால் படிக்க முடியாத சீட்டுக்கு ஊகித்து மருந்து கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை, டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டிருக்க வேண்டும். நிபுணர் சான்று எல்லா வழக்குக்கும் கட்டாயமில்லை என்று 2010இல் வி. கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சீட்டில் ஒரு மருந்து, பில்லில் வேறு மருந்து என்றால் தவறு தானே தெரிகிறது.

தம்பி, அந்த அட்டையை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய சாட்சி அதுதான். அட்டையில் அச்சடித்த பேட்ச் எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று இன்றே பாருங்கள்.

ஆம்பூர் அக்கா: எனக்கும் நடந்தது. கண் சொட்டு கேட்டேன், காது சொட்டு கொடுத்தார்கள், கண் மூன்று நாள் எரிந்தது. பில் வாங்கவில்லை. “எங்கள் கடையில் வாங்கவே இல்லை” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். குப்பியையும் கோபத்தில் வீசிவிட்டேன். கிடைக்கிற ₹25,000-ஐ வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி, கோர்ட்டுக்கு யார் அலைவது?

ஓய்வுபெற்ற பார்மசிஸ்ட், காட்பாடி: அக்கா, இவரிடம் அட்டை இருக்கிறது, உங்களிடம் இல்லை. வித்தியாசம் அதுதான்.

தம்பி, முப்பது வருஷம் கவுன்டரில் நின்றவன் சொல்கிறேன். மெத்தோட்ரெக்சேட்டை மூட்டுவாதத்துக்கு வாரத்தில் ஒரு நாள்தான் கொடுப்பார்கள். தினமும் போனால் எலும்பு மஜ்ஜைக்கு மீள நேரம் கிடைக்காது. முதலில் வாயில் புண், பிறகு இரத்த அணுக்கள் குறைவது. உங்கள் அம்மாவுக்கு அந்த வரிசைதான் நடந்திருக்கிறது. அதன் நஞ்சை முறிக்க லூக்கோவோரின் போட்டிருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். மாத்திரைதான் காரணம் என்பதற்கு அந்த வரி கனமான ஆதாரம். முழு கேஸ் ரெக்கார்டின் நகலையும் எழுதிக் கேளுங்கள், 72 மணி நேரத்தில் தர வேண்டும்.

அன்றைக்குக் கவுன்டரில் யார் இருந்தார், பதிவு பெற்ற பார்மசிஸ்டா, கடைப்பையனா? பார்மசிஸ்ட் மேற்பார்வை இல்லாமல் சீட்டு மருந்து கொடுக்கவே கூடாது. மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுத்தால் அவர் அதைப் போய்ப் பார்ப்பார். ஆனால் அவர் கடை உரிமத்தின் மேல் நடவடிக்கை எடுப்பாரே தவிர, உங்களுக்குப் பணம் வாங்கித் தர மாட்டார்.

ஆற்காடு மெடிக்கல்: சரி, தவறு கடையுடையது என்றே வைத்துக்கொள்வோம். வாயில் புண் வந்த முதல் நாளே ஏன் நிறுத்தவில்லை? அந்த அம்மாவுக்குக் கிட்னி ஏற்கெனவே பலவீனமாக இருந்திருந்தால்? கடைக்காரர் அதற்கும் பொறுப்பா?

சத்துவாச்சாரி வக்கீல்: கிட்னி பலவீனமான ஆளும்தான் கடைக்கு வருவார், அதனால் பொறுப்பு போய்விடாது. புண் வந்த பிறகும் எத்தனை நாள் தொடர்ந்தார்கள் என்பதை எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்கும். அதற்காகத் தொகையைக் குறைப்பார்களா, எவ்வளவு என்பது ஆணையத்தின் கையில். அதை முன்கூட்டிச் சொல்கிற வக்கீலை நம்பாதீர்கள்.

புகாரை அம்மா வசிக்கிற மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், காலக்கெடு இரண்டு வருஷம். நீங்கள் கேட்கிற நஷ்டஈட்டை வைத்துக் கட்டணம் பார்ப்பதில்லை, கடையில் கொடுத்த விலையை வைத்துத்தான். ₹5 லட்சம் வரை கட்டணமே இல்லை. பத்திரத்தில் ‘இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்’ என்று இருக்கும். அம்மாவின் அணுக்கள் எண்ணிக்கை முழுதாகச் சரியாகும் முன்னே அதில் கையெழுத்து வேண்டாம்.

ஆம்பூர் அக்கா: அப்போ என் கண் கேஸ்?

சத்துவாச்சாரி வக்கீல்: போன் மூலம் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவைத் தேடுங்கள் அக்கா, தனியாகப் பேசுவோம்.

குடியாத்தம் மகன்: பேட்ச் எண் ஒன்றுதான், பார்த்துவிட்டேன். அட்டையில் இன்னும் ஒரு மாத்திரை மிச்சம் இருக்கிறது. ஆற்காடு மெடிக்கல்காரர் “புண் வந்த முதல் நாளே ஏன் நிறுத்தவில்லை” என்று கேட்டதுதான் தூக்கம் வரவிடவில்லை. புண் வந்த மறுநாளும் காலையில் நான்தான் தண்ணீர் டம்ளரோடு கொடுத்தேன். இதை ஆணையத்தில் சொல்ல வேண்டுமா?

ஓய்வுபெற்ற பார்மசிஸ்ட், காட்பாடி: சொல்லுங்கள் தம்பி, நாளோடு சொல்லுங்கள். டாக்டர் எழுதியதைத்தான் கொடுக்கிறோம் என்று நம்பிக் கொடுத்தீர்கள்.