புதுப்பிப்பு: முதல் பிராட்பேண்ட் பில்லில் இருந்த 15 நாட்கள்

நான் முன்பு கேட்டது: "மாதம் 600 என்று சொல்லித்தான் இணைப்புக் கொடுத்தார்கள். முதல் பில் ஏன் 1,520 வந்திருக்கிறது?"

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. முதல் பில் எப்போதும் இரட்டிப்பாகத்தான் வரும் என்று ஒருவர் சொன்னது பாதி சரி. அடுத்த மாதத்துக்கான 600 முன்கூட்டியே சேர்ந்திருந்தது. நிறுவல் கட்டணம் 500, ஒருமுறை மட்டுமே.

விடையைத் தந்தது, பில்லிங் பிரிவில் பணிபுரிந்த ஒருவரின் யோசனைதான்: பகுதி மாதத் தொகையை ஒரு நாள் கட்டணத்தால் வகுத்து, கிடைக்கும் அத்தனை நாட்களை மாதக் கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள் என்றார். 30 நாள் மாதத்தில் நாளொன்றுக்கு 20; பில்லில் 300 இருந்ததால் 15 நாட்கள், அதாவது 16ஆம் தேதி முதல். ரவுட்டர் பெட்டி வீட்டுக்கு வந்தது அன்றுதான். ஆனால் இணைப்பு செயல்பாட்டுக்கு வந்ததாகக் குறுஞ்செய்தி வந்தது 19ஆம் தேதி. அந்தக் குறுஞ்செய்தியை நான் நிறுவனத்துக்கு அனுப்பியதும், 12 நாட்களுக்கு 240 என்று திருத்தி, மீதி 60ஐ அடுத்த பில்லில் கழிப்பதாக எழுத்தில் உறுதியளித்தார்கள்.

ரவுட்டர் வாடகை மட்டும் இன்னும் முடியவில்லை. மாதம் 60 வீதம் இரண்டு முழு மாதங்களுக்கு 120 போட்டிருக்கிறார்கள். வாடகையை நாள்கணக்கில் பிரிப்பதில்லை என்கிறார்கள். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரியும் இல்லாததால், அது எங்கே எழுதப்பட்டுள்ளது என்று கேட்டிருக்கிறேன்.