மாம்பழ மஞ்சள் பட்டுக்கு எந்த லிப்ஸ்டிக்? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

பனிப்பூ (சுங்கை சிப்புட்)
தங்கச்சியின் நிச்சயதார்த்தம் முடிந்து மாதக்கணக்காகிவிட்டது, இன்னும் மனசு ஆறவில்லை. மாம்பழ மஞ்சள் பட்டு, அரக்கு பார்டர். அவள் மாநிறத்தைவிடச் சற்றுக் கறுப்பு. மேலுதடு கீழுதட்டைவிடக் கருத்திருக்கும். ஒப்பனைக்கு வந்தவர், இப்போது எல்லாரும் நியூட்தான் கேட்கிறார்கள் என்று வெளிர் ரோஸ் போட்டுவிட்டார். அறையில் ட்யூப்லைட்டில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. வாசல் வெளிச்சத்துக்கு வந்ததும் உதடு சாம்பல் பூத்துக் கிடந்தது, காய்ச்சலில் எழுந்து வந்தவள் மாதிரி. மாப்பிள்ளை வீட்டு கார் வேறு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அத்தை அவளைக் கதவோரம் இழுத்துப்போய், தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் எல்லாவற்றையும் துடைத்தார். முந்தானையின் அரக்கை உதட்டுப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்த செங்கல் சிவப்பை எடுத்துப் போட்டார். முகமே தெளிந்துவிட்டது. முதலில் போட்டது ஏன் அப்படிக் கெடுத்தது?

செல்விமா
இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? சேலை, வாய், நகம் மூன்றும் ஒரே நிறமாக இருந்தால் எப்போதும் அழகு. என் நாத்தனார் கல்யாணத்துக்குச் சிவப்புப் பட்டு, சிவப்பு லிப்ஸ்டிக், சிவப்பு நகம். எல்லாரும் பாராட்டினார்கள். மஞ்சளுக்கு ஆரஞ்சு போட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அலங்காரக்காரி (ஈப்போ)
செல்விமா, சிவப்புக்கு அது பொருந்தியது, சரி. பச்சைப் பட்டு கட்டினால் என்ன செய்வீர்கள்? சேலையின் உடல் நிறத்தைவிட பார்டரைப் பார்ப்பதுதான் நல்லது. அந்த அத்தை செய்ததும் அதைத்தான்.

பனிப்பூ, வெளிர் ரோஸில் வெள்ளை நிறைய கலந்திருக்கும். கருத்த உதட்டின் மேல் மெல்லிசாக விழும்போது அடியிலுள்ள கருப்பும் மேலே உள்ள வெள்ளையும் சேர்ந்து சாம்பலாகத் தெரியும். மேலுதட்டில் இன்னும் மோசம். அதோடு மஞ்சள் பட்டு வெயிலில் தாடையின் மேல் மஞ்சளை அடிக்கும். அந்த மஞ்சளுக்குப் பக்கத்தில் வெளிர் நிறம் இன்னும் செத்துப்போகும். செங்கல் சிவப்பு, துரு நிறம், அரக்கு எல்லாம் உதட்டின் சொந்தக் கருப்பைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். நியூட்தான் வேண்டுமென்றால் உதட்டைவிட ஒரு படி ஆழமான பழுப்பு ரோஸை எடுங்கள். அதற்கு முன், கருத்த இடத்தில் மட்டும் ஆரஞ்சு கரெக்டரைத் துளி தடவுங்கள்.

கடையில் புறங்கையில் போட்டுப் பார்க்காதீர்கள். விரல் நுனி உதட்டு நிறத்துக்குக் கொஞ்சம் நெருக்கம், அதில் தடவி வாசலுக்குப் போய்ப் பாருங்கள். வெள்ளை ட்யூப்லைட்டில் சிவப்பு மங்கித் தெரியும் என்பதால் இன்னொரு பூச்சு பூசத் தோன்றும். மண்டபத்து மஞ்சள் விளக்கில் அதுவே எரியும். பல்லையும் பாருங்கள். ஆரஞ்சு சாய்ந்த சிவப்பு பல்லின் மஞ்சளை எடுத்துக்காட்டும், நீலம் சாய்ந்த சிவப்பு வெள்ளையாகக் காட்டும்.

வதனி
எனக்கும் இதே பிரச்சினைதான். வேலைக்கு மயில் நீலக் குர்த்தா போடுகிறேன். தீபாவளிக்கு வைத்த மருதாணி நகத்தில் இன்னும் ஆரஞ்சாக நிற்கிறது. பசார் மாலாமில் வாங்கிய பேபி பிங்க் நெயில் பாலிஷ் போட்டால் அடியிலிருந்து ஆரஞ்சு தெரிகிறது, நகம் அழுக்காக இருக்கிறது. என்ன செய்தால் மருதாணி போகும்?

அலங்காரக்காரி (ஈப்போ)
வதனி, நகத்துக்குள் ஊறிய மருதாணியை எதைப் போட்டும் எடுக்க முடியாது. கைவிரல் நகம் மாதத்துக்கு 3 மில்லிமீட்டர் அளவுதான் வளரும், வளர்ந்து வெட்டும் வரை காத்திருக்க வேண்டும். எலுமிச்சையைத் தேய்த்தால் தோல்தான் காய்ந்துபோகும். அதுவரை மருதாணியோடு சேரும் செம்பு நிறம், துரு நிறம் போடுங்கள், நீலக் குர்த்தாவுக்கு எதிரே செம்பு நன்றாக எடுக்கும். ரோஸ்தான் வேண்டுமென்றால் அடி தெரியாத, கெட்டியான நிறமாக வாங்குங்கள். பாட்டிலில் அடர்த்தியாகத் தெரிவதை நம்ப வேண்டாம், ஒரு நகத்தில் இரண்டு பூச்சு போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

பனிப்பூ (சுங்கை சிப்புட்)
நன்றி அக்கா. இப்போதுதான் புரிகிறது. அடுத்து கல்யாணம் வருகிறது. முகூர்த்தத்துக்கு அரக்குப் பட்டு, தங்க ஜரிகை. உதட்டுக்கும் அரக்கு போட்டால் நகத்துக்கு என்ன?

அலங்காரக்காரி (ஈப்போ)
உதட்டில் அரக்கு போட்டால் நகத்தில் ஜரிகையை எடுங்கள், மெல்லிய தங்கம். கையில் மருதாணியும் இருக்கும், தாலி கட்டும் நேரத்தில் படக்காரர் கையைத்தான் கிட்டத்தில் எடுப்பார். மூன்றும் ஒரே அரக்கானால் படத்தில் விரல்கள் சேலைக்குள் கரைந்துவிடும்.

செல்விமா
தங்கம் மேடையில் மினுங்கும், கிட்டத்தில் பார்த்தால் நகமே மஞ்சளித்த மாதிரி இருக்கும். அரக்குக்கு அரக்குதான். நான் மாற மாட்டேன்.

வதனி
மயில் நீலத்துக்குச் செம்பு போட்டுப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. உதட்டுக்கும் அதே செம்பு போடலாமா, அல்லது மினுமினுப்பு இல்லாமல் வேண்டுமா?