பணிநீக்கம் அதிகம் என்று சொன்ன நீதிபதி, தண்டனையை ஏன் அவரே குறைக்கவில்லை?

தம்பி_கேட்கிறேன்:
அண்ணன் தமிழக அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளர், 14 வருட சர்வீஸ். அம்மா மருத்துவமனையில் இருந்தபோது லீவு எழுதிக் கொடுக்காமல் 43 நாள் போகவில்லை. 17(பி) குற்றச்சாட்டு மெமோ, விசாரணை, கடைசியில் பணிநீக்கம். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டோம். குற்றச்சாட்டு நிரூபணமானது சரிதான், ஆனால் இதற்குப் பணிநீக்கம் மனசாட்சியை உலுக்குகிற அளவுக்கு அதிகம் என்று எழுதி, தண்டனையை மட்டும் ரத்து செய்து, 12 வாரத்தில் முடிவெடுக்கச் சொல்லி அதே அதிகாரிக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இவ்வளவு எழுதியவர் "இரண்டு இன்கிரிமென்ட் நிறுத்தம்" என்று அவரே முடித்திருக்கலாமே? அதே ஆள் அதே தண்டனையைத் திரும்பக் கொடுத்தால் என்ன செய்வது? 9 வாரம் ஓடிவிட்டது.

மில்தெரு:
வக்கீல் சரியாகக் கேட்டிருக்க மாட்டார். கோர்ட் தாராளமாகக் குறைக்கலாம். எங்கள் சித்தப்பாவை மில்லில் டிஸ்மிஸ் செய்தார்கள், லேபர் கோர்ட்டே அதை மாற்றி வேலையில் சேர்க்கச் சொன்னது. பிரிவு 11ஏ என்று தீர்ப்பிலேயே இருக்கிறது.

பழைய_கண்காணிப்பாளர்:
மில்தெரு சொல்வது அவர் சித்தப்பாவுக்குச் சரி. தொழில் தகராறு சட்டத்தின் 11ஏ, தண்டனையைக் குறைக்கிற அதிகாரத்தை லேபர் கோர்ட்டுக்கு நேரடியாகக் கொடுத்தது. ரிட் அப்படி இல்லை. அங்கே நீதிமன்றம் பார்ப்பது அதிகாரி எடுத்த முடிவு சட்டப்படி நிற்குமா என்பதை, அவர் நாற்காலியில் உட்கார்ந்து தனக்கு எது பொருத்தமாகப் படுகிறது என்பதை அல்ல. 1995-இல் பி.சி. சதுர்வேதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் பிடிமானம்: தண்டனை மனசாட்சியை உலுக்கினால் மறுபரிசீலனைக்கு அனுப்பலாம், வழக்கு இழுத்துக்கொண்டே போவதைத் தவிர்க்க, மிக அரிதாக, காரணம் எழுதி நீதிமன்றமே தண்டனையை நிர்ணயிக்கலாம். ஊழியர் ஓய்வு வயதைத் தாண்டிவிட்டார், வழக்கு பல வருடம் கிடந்துவிட்டது என்கிற மாதிரி நேரத்தில்தான் இரண்டாவதைக் கேட்பதில் பலன் இருக்கும். உங்கள் அண்ணன் இன்னும் சர்வீஸில் இருக்கக்கூடிய வயது, அதனால் திருப்பி அனுப்பியதில் ஆச்சரியம் இல்லை.

உத்தரவின் கடைசிப் பத்தியில் என்ன வார்த்தை இருக்கிறது? அதைப் பாருங்கள் முதலில்.

ரோஜா1979:
அப்படியானால் மறுபடி விசாரணை வருமே, அம்மாவின் டாக்டரைச் சாட்சியாகக் கூப்பிடுங்கள். எனக்கும் 17(பி) நிலுவையில் இருக்கிறது, பிழைப்பூதியம் இரண்டு மாதமாக வரவில்லை, யாரிடம் கேட்பது?

பழைய_கண்காணிப்பாளர்:
அம்மா, இது மறுவிசாரணை இல்லை. குற்றச்சாட்டு நிரூபணம் அப்படியே நிற்கிறது. வேண்டுமென்றே வராமல் இருந்தாரா என்பதை இப்போது கிளறினால் அதிகாரி மனுவையே ஓரமாக வைத்துவிடுவார். டாக்டர் சான்று தண்டனையைக் குறைக்கும் காரணமாக மட்டும் உள்ளே போகட்டும். உங்கள் பிழைப்பூதிய விஷயத்துக்குத் தனி இழை போடுங்கள், இங்கே கலந்துவிடும்.

தம்பி_கேட்கிறேன்:
"பணிநீக்கம் அல்லாத வேறு தண்டனையை அதிகாரி பரிசீலித்து விதிக்க வேண்டும்" என்கிற பொருளில் இருக்கிறது. அப்படியென்றால் பயமில்லைதானே?

பழைய_கண்காணிப்பாளர்:
பாதி பயம் போயிற்று. பணிநீக்கத்தை இனிக் கொடுக்க முடியாது, கொடுத்தால் அவமதிப்பு மனு போடலாம், அதற்கு ஒரு வருடக் கெடு உண்டு. ஆனால் கட்டாய ஓய்வும் "பணிநீக்கம் அல்லாத" தண்டனைதான்! இந்த ஓட்டையில் விழுந்த ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அதிகாரி கோப்பில் "நீதிமன்ற உத்தரவுக்கு இணங்க" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார், ஆள் மறுபடி வெளியே.

அதனால் அவர் எழுதும் முன்னே நீங்கள் எழுதுங்கள். இரண்டு பக்கம் போதும். 14 வருடத்தில் வேறு தண்டனை இல்லையென்றால் அதைச் சொல்லுங்கள், மருத்துவமனைச் சீட்டைத் தேதிவாரியாக இணையுங்கள், இதே அலுவலகத்தில் இதேபோல் வராமல் இருந்தவருக்கு என்ன கிடைத்தது என்று தெரிந்தால் ஆணை எண்ணோடு போடுங்கள். ஒரே மாதிரித் தவறுக்கு ஒருவருக்கு இன்கிரிமென்ட் நிறுத்தம், இன்னொருவரை வீட்டுக்கே அனுப்புவது என்றால் அதற்கு அவர் காரணம் எழுதியாக வேண்டும், கோப்பில் அவரை அதிகம் உறுத்துவதும் அதுதான்.

மில்தெரு:
துறை மேல்முறையீடு போயிருந்தால்?

பழைய_கண்காணிப்பாளர்:
போகலாம். ரிட் அப்பீலுக்கு 30 நாள், தாமதத்தை மன்னிக்கச் சொல்லி அதற்குப் பிறகும் போடுவார்கள். தடை உத்தரவு வாங்காதவரை 12 வாரக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

தம்பி_கேட்கிறேன்:
பக்கத்து செக்‌ஷனில் ஒருவர் 60 நாள் வரவில்லை, அவருக்கு ஒரு வருட இன்கிரிமென்ட் நிறுத்தம்தான். ஆணை நகல் கேட்டு இன்றே தகவல் உரிமை மனு போடுகிறேன். வெளியே இருந்த இந்த இரண்டரை வருடச் சம்பளம்?

பழைய_கண்காணிப்பாளர்:
ஆர்டிஐ பதிலுக்கு 30 நாள் ஆகலாம், உங்களிடம் இருப்பது 3 வாரம். நகலுக்காகக் காத்திருக்க வேண்டாம், அவர் பெயர், வருடம் போட்டு "கோப்பை வரவழைத்துப் பார்க்கவும்" என்று எழுதிவிடுங்கள். சம்பளம் பற்றி உத்தரவு மௌனமாக இருந்தால் சண்டை பாக்கி இருக்கிறது. குற்றம் நிரூபணமான கேஸில் முழுசாக வரும் என்று நம்பிக் கடன் எதுவும் வாங்கிவிடாதீர்கள். அந்தக் காலத்தை எப்படிக் கணக்கிடுவது என்று ஆணையிலேயே சொல்லும்படி மனுவின் கடைசியில் ஒரு வரி சேருங்கள்.

தம்பி_கேட்கிறேன்:
சரி ஐயா, நாளை காலை நேரில் கொடுத்து ரசீது முத்திரை வாங்கிவிடுகிறேன்.