உயர்த்திய சோலார் அமைப்பு: கால்களை எங்கே ஊன்றுவது?

வணக்கம். மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் பேனல்களை எட்டடி உயரத்தில் அமைக்க விரும்புகிறோம். அடியில் துணி காயப்போடவும் வடகம் பிழியவும் இடம் கிடைப்பதோடு, கீழ் அறையின் வெக்கையும் குறையும். இரும்புச் செலவு கூடினாலும், மத்திய அரசின் 78,000 ரூபாய் மானியம் கிலோவாட் கணக்கில் தரப்படுவதால், உயரத்துக்கென்று கூடுதலாக எதுவும் கிடைக்காது.

காற்று பேனல்களை அடியிலிருந்து தூக்கும் என்பதால், கால்களைத் தளத்தில் துளையிட்டு ஆங்கர் போல்ட்டால் இறுக்குவதா, கட்டடத் தூண்களின் மேல் கான்கிரீட் பீடம் எழுப்பி ஊன்றுவதா என்பதே என் கேள்வி. முன்னது மலிவு, ஆனால் துளை வழியே மழைநீர் இறங்கித் தளத்தின் கம்பி துருப்பிடிக்குமோ என்று அஞ்சுகிறேன். பின்னதில் தூண்களின் இடைவெளிக்கேற்ப நீளமான, கனமான சட்டங்கள் தேவைப்படும். இவ்வாறு அமைத்து மழைக்காலத்தைக் கண்டவர்கள், கையாண்ட முறையையும் ஆன கூடுதல் செலவையும் தெரிவித்து உதவுங்கள்.