சராசரிக்கு மேல் 85% பேர்: ஃபார்முலாவில் தப்பா?

கணக்கு டீச்சர்: பத்தாம் வகுப்பு, 20 பேர், 100 மதிப்பெண் கணக்குத் தேர்வு. சராசரி 70. அதற்கு மேல் எடுத்தவர்கள் 17 பேர் என்று ஷீட் காட்டுகிறது. "பாதிப் பேர்தானே மேலே வரணும், மறுபடி பாருங்க" என்கிறார் தலைமையாசிரியர். எங்கே தப்பு?

```
=COUNTIF(B2:B21,">"&AVERAGE(B2:B21))
```

8, 10, 12, 72, 74, 75, 76, 76, 78, 78, 80, 80, 82, 82, 84, 84, 86, 86, 88, 89

தென்றல்: 85% என்பது தேர்ச்சி விகிதம். 35க்கு மேல் 17 பேர்தானே? இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டீர்கள்.

குமரன்: ஃபார்முலா சரி. AVERAGEக்குப் பதில் MEDIAN போடுங்கள், எப்போதும் சரிபாதி வரும்.

பழைய வாத்தியார்: தென்றல், 35க்கும் 70க்கும் நடுவில் ஒருவர்கூட இல்லை. அதனால்தான் இரண்டு கணக்கிலும் அதே 17 வருகிறது.

டீச்சர், உங்கள் ஷீட் சரியாகத்தான் இருக்கிறது. சராசரிக்கு இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டியது மதிப்பெண் வித்தியாசம், ஆட்களின் எண்ணிக்கை இல்லை. கீழே இருக்கும் மூவரும் 70இலிருந்து 62, 60, 58 தள்ளி இருக்கிறார்கள்; மொத்தம் 180. மேலே உள்ள 17 பேரும் 70ஐத் தாண்டி எடுத்ததைக் கூட்டிப் பாருங்கள், அதே 180 வரும். மூன்றே பேர் அவ்வளவு கீழே போனதை ஈடுகட்ட 17 பேர் தேவைப்பட்டிருக்கிறது.

அந்த மூவருக்கும் 60 போட்டுப் பாருங்கள். சராசரி 77.5 ஆகிவிடும், மேலே இருப்பவர்கள் 12 பேர்தான். மற்றவர்கள் யாருடைய மதிப்பெண்ணும் மாறவில்லை, ஆனாலும் ஐந்து பேர் "சராசரிக்குக் கீழே" போய்விட்டார்கள்.

குமரன், இந்தப் பட்டியலில் MEDIAN 79, மேலே பத்துப் பேர். இங்கே சரிதான், "எப்போதும்" என்பதுதான் இடிக்கிறது. 78 எடுத்த இருவரும் 80 எடுத்திருந்தால் MEDIANம் 80 ஆகும். அதைத் தாண்டியவர்கள் எட்டுப் பேர்தான்.

சுபா: எங்கள் பள்ளியில் தேர்வுக்கு வராதவர்களுக்கு 0 போடுவார்கள். சராசரி சரிந்து, முக்கால்வாசிப் பேர் மேலே வந்துவிடுவார்கள். AB என்று டைப் செய்தால் AVERAGE அதைச் சேர்க்காது, 0 போட்டால் சேர்த்துக்கொள்ளும். உங்கள் மூவரும் தேர்வு எழுதினார்களா?

கணக்கு டீச்சர்: எழுதினார்கள். மூவருமே பாதி ஆண்டில் வந்து சேர்ந்தவர்கள். 180 கணக்கைப் போட்டுக் காட்டினேன், தலைமையாசிரியர் ஒத்துக்கொண்டார். ஆனால் அறிக்கையில் ஒரே ஒரு எண்தான் கேட்கிறார். 70 போடவா, 79 போடவா?

குமரன்: 79. வகுப்பில் யாருமே 70க்குப் பக்கத்தில் இல்லையே.

பழைய வாத்தியார்: 72, 74 எடுத்தவர்கள் இருக்கிறார்களே! 79 மட்டும் போட்டால் அந்த மூவர் இருப்பதே அறிக்கையில் தெரியாது. எனக்கு அதில் சம்மதமில்லை. 79 போட்டு, "மூவர் 12க்குள்" என்று பக்கத்தில் எழுத இடம் தருவாரா, கேளுங்கள்.