மழை ஈரத்தில் மட்டும் வரும் P0302: காயிலா, பிளக்கா?

வணக்கம். நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட எங்கள் காரில், சென்னையில் ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து, ஈரமான காலைகளில் மட்டும் எஞ்சின் உதறி, இரண்டாம் சிலிண்டரில் எரிதல் தவறுவதைக் குறிக்கும் P0302 பிழைக்குறி பதிவாகிறது. சூடேறியதும் உதறல் நின்றுவிடுகிறது. இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாவதற்கு மாற்றியபோது கோளாறும் உடன் நகர்ந்து P0303 ஆனதால், புதிய காயில் போட்டோம். ஆனால் அடுத்த மழைக்கே P0302 திரும்பியது.

பிளக்கைக் கழற்றினால், வெள்ளைப் பீங்கானின் மேல் நெடுக்காக, பென்சில் கோடு போன்ற கரிய தடம் தெரிகிறது. மின்சாரம் முனை இடைவெளியில் பொறியாகப் பாயாமல், ஈரம் படிந்த அத்தடத்தின் வழியே எஞ்சின் உடலுக்குக் கசிகிறது என்றே கருதுகிறேன்.

பிளக்கை மாற்றும்போது, புதிய காயிலின் ரப்பர் உறையிலும் அத்தடம் பதிந்திருந்தால் அதையும் மாற்றத்தான் வேண்டுமா? பிளக் குழிக்குள் நீர் இறங்கும் வழியைக் கண்டறிந்தவர்கள், எங்கே பார்த்தீர்கள் என்று தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.