மோதிர விரல் நகம் ரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் மட்டும் மாட்டுகிறது: உங்கள் அனுபவம் என்ன?

ஆறாம் கம்பி:
'ரொமான்ஸ்' என்று எல்லோரும் சொல்லும் அந்த ஈ மைனர் பாட்டைக் கிட்டாரில் பழகிக்கொண்டிருக்கிறேன். மெட்டு முழுக்க முதல் தந்தியில், மோதிர விரலுக்குத்தான். ஃப்ரீ ஸ்ட்ரோக்கில் வாசித்தால் நகம் வழுக்கிக்கொண்டு போகிறது, தொல்லை இல்லை. ஆனால் மெட்டு அமுங்கி மற்ற இரண்டு தந்திகளோடு கலந்துவிடுகிறது. மெட்டு மேலே நிற்கட்டும் என்று ரெஸ்ட் ஸ்ட்ரோக்குக்குப் போனால் நகம் மாட்டுகிறது. முதலில் 'டிக்' என்று ஒரு சத்தம், அப்புறம்தான் ஸ்வரம். ஆட்காட்டி விரலிலும் நடு விரலிலும் இப்படி இல்லை. பக்கவாட்டில் பார்த்தால் மோதிர விரல் நகம் மட்டும் நுனியில் கீழ்நோக்கி வளைகிறது. மூன்று நகமும் சதையைத் தாண்டி இரண்டு மில்லிமீட்டர் போல இருக்கும். இப்படி யாருக்காவது இருந்ததா?

நைலான் பிரியன்:
எனக்கும் இருந்தது. இன்னும் கொஞ்சம் வளர விடுங்கள், பிடிமானம் கிடைத்ததும் சரியாகிவிடும். விரல் நுனி எப்படி வளைந்திருக்கிறதோ அதே மாதிரி நகத்தையும் உருட்டித் தேய்க்க வேண்டும். இரும்பு ஃபைல் வேண்டாம், ஓரத்தைப் பிசிறாக்கிவிடும். கண்ணாடி ஃபைல் வாங்குங்கள். எந்த ஸ்ட்ரோக் என்பதில் குழப்பமே இல்லை: மெட்டு என்றால் ரெஸ்ட், ஆர்பெஜியோ என்றால் ஃப்ரீ. என் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

டொராண்டோ குளிர்:
நகம் என்றதும் ஓடி வந்தேன். நான் வாசிப்பது ஸ்டீல் தந்தி. ஒரு மாதம் வளர்த்த நகத்தை ஒரே கச்சேரி தின்றுவிடும். அதனால் சலூனில் அக்ரிலிக் போட்டுக்கொண்டேன். ஒட்டுவதற்கு முன் சொந்த நகத்தின் மேல்பரப்பைச் சுரண்டினார்கள். கழற்றியபோது அடியில் நகம் காகிதம் மாதிரி வளைந்தது. மறுபடி கெட்டியாக வளர மாதக்கணக்கில் ஆனது. நீங்களும் அக்ரிலிக் போடுவதாக இருந்தால் யோசித்துச் செய்யுங்கள்.

ஆறாம் கம்பி:
நன்றி அண்ணா. எனக்கு உடைவது பிரச்சினை இல்லை, மாட்டுவதுதான். வளர விட்டுப் பார்த்தேன், இன்னும் மோசமாக மாட்டுகிறது.

பழைய வாத்தியார்:
மோசமாகத்தான் ஆகும் தம்பி. ஃப்ரீ ஸ்ட்ரோக்கில் விரல் தந்தியைத் தொட்டு உள்ளங்கைப் பக்கம் மேலேறிப் போய்விடுகிறது. ரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் அப்படி இல்லை. விரல் கொஞ்சம் நீண்டு, தந்தியைப் பெட்டியை நோக்கி அமுக்கி, அதைக் கடந்து அடுத்த தந்தியில் போய் இறங்குகிறது. கீழ்நோக்கி வளைந்த நகம் அந்தப் பாதையில் தூண்டில் முள்ளாக நிற்கும். நீளம் கூடக் கூட முள்ளும் பெரிதாகும்.

முதலில் அந்த ஒரு நகத்தை மட்டும் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையுங்கள். எல்லா நகமும் ஒரே நீளம் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வளையும் நகத்தைக் குட்டையாக வைத்தால்தான் வேலைக்கு ஆகும்.

அடுத்து வடிவம். நைலான் பிரியன் சொல்கிற உருண்டை வடிவம் நேரான நகத்துக்குச் சரிதான். வளைந்த நகத்தில் உருட்டினால் நடுவில் ஒரு மேடு நிற்கும், தந்தி ஏறி இறங்க வேண்டியிருக்கும். உங்களுக்கு வேண்டியது சரிவு: கட்டைவிரல் பக்கம் தாழ்வாகத் தொடங்கி, மறுபக்கம் மெல்ல உயர்ந்து, கடைசி மூலை மட்டும் மழுங்கியிருக்க வேண்டும். தந்தி தாழ்வான பக்கத்தில் சதையையும் நகத்தையும் சேர்த்துத் தொடும், சரிவில் ஏறி உச்சியில் விடுபடும். 'டிக்' வருகிறது என்றால் சதை படுவதற்கு முன்பே நகம் தந்தியைத் தொடுகிறது என்று அர்த்தம்.

சரிவு நேராக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. வாசிக்கும்போது தந்தி எந்தக் கோணத்தில் நகத்துக்கு அடியில் வருமோ, அதே கோணத்தில் ஃபைலை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். இடையில் எங்கே வெளிச்சம் தெரிகிறதோ அங்கே பள்ளம், எங்கே ஒட்டுகிறதோ அங்கே மேடு. மேட்டைத்தான் தேய்க்க வேண்டும்.

கடைசியில், ஆயிரம் எண் உப்புத்தாளில் ஒரு துண்டை முதல் தந்தியின் மேல் மடித்துப் போட்டு, சொரசொரப்பு மேலே இருக்கும்படி, அதன் மேலேயே மெதுவாக ரெஸ்ட் ஸ்ட்ரோக் வாசியுங்கள். உங்கள் கை எங்கே உரசுகிறதோ அங்கே மட்டும்தான் அது தேய்க்கும். பிறகு இரண்டாயிரம், அதற்கும் மேலான எண்ணில் ஓரத்தையும் அடிப்பக்கத்தையும் பளபளப்பாக்குங்கள். குளித்த கையோடு செய்யாதீர்கள். ஈரத்தில் நகம் இளகியிருக்கும், தேய்ப்பது கணக்குக்கு வராது.

சாந்தோம் மீரா:
நகமே வேண்டாம் என்பது என் கட்சி. ஃபெர்னாண்டோ சோர் நகமில்லாமல்தான் வாசித்தார். தாரெகாவும் கடைசிக் காலத்தில் நகத்தை வெட்டிவிட்டார், அவருடைய மாணவர் எமிலியோ புஹோலும் அப்படித்தான். எனக்குப் பாத்திரம் கழுவுகிற வேலையும் உண்டு, அதனால் இது சௌகரியம்.

பழைய வாத்தியார்:
அதுவும் ஒரு வழிதான் அம்மா. ஆனால் சோர் தன் நண்பர் அகுவாடோவுக்காகவே இரட்டைக் கிட்டார் இசை ஒன்று எழுதினார், அந்த அகுவாடோ நகத்தோடு வாசித்தவர். அன்றைக்கே இந்த வழக்கு தீரவில்லை.

ஆறாம் கம்பி:
சார், நகத்தைக் குறைத்து, உப்புத்தாளும் போட்டேன். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தபோது நடுவில் மேடு தெளிவாகத் தெரிந்தது. இப்போது மாட்டவில்லை, 'டிக்'கும் போய்விட்டது. ஆனால் புதிதாக ஒன்று காதில் படுகிறது. ரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் வாசித்தால் மெட்டு நன்றாக நிற்கிறது, பின்னணி மட்டும் விட்டுவிட்டுக் கேட்கிறது. நகத்தில் இன்னும் ஏதாவது குறையா?

பழைய வாத்தியார்:
நகம் இல்லை, ஸ்ட்ரோக். முதல் மெஷரையே எடுத்துக்கொள்ளுங்கள். மெட்டு முதல் தந்தியில் ஏழாம் கட்டை. பிறகு திறந்த இரண்டாம் தந்தி, பிறகு திறந்த மூன்றாம் தந்தி. மூன்றும் சேர்ந்தது ஒரு தட்டு. மோதிர விரல் ரெஸ்ட் ஸ்ட்ரோக் வாசித்து எங்கே இறங்குகிறது? இரண்டாம் தந்தியில். போன தட்டிலிருந்து ஒலித்துக்கொண்டிருந்த அந்தத் தந்தி அங்கேயே செத்துப்போகிறது. அதாவது ஒவ்வொரு தட்டிலும் மூன்றில் இரண்டு பங்கு நேரம்தான் அது ஒலிக்கிறது. அதுதான் நீங்கள் கேட்கும் இடைவெளி. வேகத்தைக் கூட்டினால் இன்னொரு சிக்கலும் வரும்: மோதிர விரல் எழுந்திருப்பதற்குள் நடு விரல் அதே தந்திக்கு வந்து நிற்கும்.

அதனால் 'மெட்டு என்றால் ரெஸ்ட்' என்பது ஸ்கேலுக்கும் தனி மெட்டுக்கும் பொருந்தும், இந்த இடத்தில் பொருந்தாது. பக்கத்துத் தந்தி ஒலிக்க வேண்டுமா, வேண்டாமா என்று பார்த்துத்தான் நான் ஸ்ட்ரோக்கை முடிவு செய்வேன். இதில் ஃப்ரீ ஸ்ட்ரோக்கையே வைத்துக்கொண்டு, விடுவதற்கு முன் மோதிர விரலால் மட்டும் தந்தியைப் பெட்டியை நோக்கி அமுக்கி விடுங்கள். தந்தி மேலும் கீழுமாக அதிரும்போது ஒலி தடிக்கும், ரெஸ்ட் ஸ்ட்ரோக்கின் பருமன் பெரும்பாலும் வந்துவிடும். மற்ற இரண்டு விரலையும் இளக்கமாக வாசியுங்கள்.

நைலான் பிரியன்:
நான் மெஷரின் முதல் ஸ்வரத்துக்கு மட்டும் ரெஸ்ட் போடுகிறேன். மெஷருக்கு ஒருமுறைதானே வெட்டுப்படுகிறது, யாருக்குக் கேட்கப்போகிறது?

பழைய வாத்தியார்:
எனக்குக் கேட்கும். ஆனால் அப்படி வாசிப்பவர்கள் நிறையப் பேர் உண்டு, தவறென்று சொல்ல மாட்டேன்.

ஆறாம் கம்பி:
அமுக்கி விடும் ஃப்ரீ ஸ்ட்ரோக்கை முயன்று பார்க்கிறேன் சார். இதை எத்தனை நாளுக்கு ஒருமுறை தேய்க்க வேண்டும்?

பழைய வாத்தியார்:
நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு வளரும். உங்களுடையது வளர வளர வளையும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை லேசாகத் தொட்டால் போதும்.

டொராண்டோ குளிர்:
அப்படியானால் இந்த உப்புத்தாள் வேலை ஸ்டீல் தந்திக்கும் ஆகுமா? யாராவது செய்து பார்த்தீர்களா?